லாம்பு அணையவில்லை, அண்ணை விழுந்தார்

2023 புரட்டாதியில் எங்கள் வளவுக் கிணற்றைக் கலக்கி இறைக்க ஆள் பிடித்தோம். எங்களுடையது ஒட்டுசுட்டான் பக்கத்து மேட்டுக்காணி. மீள்குடியேறி வந்த புதிதில் ஒரு தரம் கலக்கியது, அதற்குப் பிறகு கை வைக்கவே இல்லை. அந்தக் கோடையில் வாளி சேற்று மணத்தோடுதான் மேலே வந்தது. மாரி தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று இவர் அவசரப்பட்டார்.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். காபனோரொட்சைட்டு, அதாவது கார்பன் மோனாக்சைடு, ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகச் சேரும் என்று எத்தனை வருடமாய்க் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! ஒரு கேள்விக்கு விடை, அவ்வளவுதான். அந்த விடை என் கிணற்றுக்குள்ளேயே இருந்த நாளில் எனக்கு அது தெரியவில்லை.

கிணறு 10 அடி விட்டம், 35 அடி ஆழம். முதலில் தண்ணி மிஷினைக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் இறைத்தார்கள். தண்ணீர் 25 அடிக்குக் கீழே போனதும் மிஷின் வெறுங்காற்றை இழுக்கத் தொடங்கியது. அது மிஷினின் பிழை இல்லை. மேலே வைத்து உறிஞ்சும் எந்தப் பம்பும் நடைமுறையில் 22, 25 அடிக்குமேல் தண்ணீரைத் தூக்காது. காற்றின் அழுத்தம் அவ்வளவுதான் தள்ளும். எங்கள் பக்கத்துக் கிணற்று விபத்துகளின் தொடக்கம் இந்தச் சின்னக் கணக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன். உறிஞ்ச முடியாமல் போனவுடன் எல்லாரும் செய்வதையே நாங்களும் செய்தோம். 15 அடி ஆழத்தில் பனங்குற்றி இரண்டைக் குறுக்கே போட்டு, மிஷினைக் கயிற்றில் கட்டி அதன்மேல் இறக்கினோம்.

மிஷின் 20 நிமிடம் ஓடியது. சேறு தெரிந்ததும் நிற்பாட்டினார்கள். தேத்தண்ணி குடித்தோம். பிறகு, கிணறு கலக்க வந்த அண்ணை முறைப்படி அரிக்கன் லாம்பைக் கொளுத்தி அடிவரைக்கும் இறக்கினார். அது ஆடாமல் அசையாமல் எரிந்தது.

“காத்து நல்லாத்தான் இருக்கு ரீச்சர். லாம்பு எரியுதுதானே?” என்றார்.

நானும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினேன். உயிரியல் படித்த தலை.

அவருக்கு முழங்கால் நோ. அதனால் நெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டுதான் இறங்குவார். மற்றவர்கள் அதைப் பகிடி பண்ணுவார்கள். அன்று அந்தக் கயிறுதான் அவரைக் காப்பாற்றியது.

முதல் நாலைந்து வாளிச் சேறு வேகமாய் வந்தது. பிறகு அரை வாளி, கால் வாளி. மேலே நின்ற அவருடைய பெறாமகன், “என்ன சித்தப்பா, களைச்சுப் போனியளோ?” என்று கேட்டான். “தலை கொஞ்சம் இடிக்குது, வெயில்” என்று பதில் வந்தது. கிணற்றின் அடியில் ஏது வெயில்! அந்த இடத்தில் எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும், தட்டவில்லை. அடுத்த வாளியைக் கொழுவாமலே “இழு, இழு” என்றார். வெறுங்கயிறு மேலே வந்தது. மேலே ஏறி வரச் சொன்னோம். “பொறுங்கோ, ஒரு வாளிதான்” என்றார். ஏணியில் கால் வைத்தார், கால் மடிந்தது. அப்படியே சேற்றில் இருந்துவிட்டார். இறங்கி 12 நிமிடம் இருக்கும்.

பெறாமகன் சேட்டைக் கழற்றிப் போட்டுக் கட்டில் ஏறிவிட்டான். இவர் அவனை இடுப்போடு பிடித்து இழுத்து விழுத்தினார். “கயிறு இருக்கடா, இழடா!” நாங்கள் நாலு பேரும் இழுத்தோம். கல்லில் உரசி அவருக்கு முதுகுத் தோல் போனது. போகட்டும். அவன் குதித்திருந்தால் கயிறு இல்லாத இரண்டாவது ஆளை எதால் இழுப்பது? கிணற்று மரணச் செய்திகளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருவது இப்படித்தான். முதல் ஆளைத் தூக்கப் போகிறவர்தான் இரண்டாவது ஆள்.

மேலே கொண்டுவந்தபோது அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்பது அவருடைய நிறம். உதடு நீலமில்லை, நகம் நீலமில்லை. நித்திரை கொள்கிற மனிதர் மாதிரி இருந்தார்.

வானில் ஏற்றி ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கொரோனாவுக்குப் பிறகு எங்கும் இருக்கிற அந்த விரல் மிஷினை மாட்டினார்கள். 98 காட்டியது. “ஒட்சிசன் நல்லா இருக்கு. வெயில் மயக்கமாயிருக்கும், சேலைன் ஏத்துவம்” என்றார்கள். நல்லகாலம், சற்று நேரத்தில் டொக்டர் வந்து எங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எங்க விழுந்தவர்?” கிணற்றுக்குள் என்றேன். அதற்குள் மிஷின் ஓடியதா என்று அடுத்து கேட்டார். ஓடியது என்றதும் 98ஐத் திரும்பியும் பார்க்கவில்லை. பை வைத்த முகமூடியைப் போட்டு ஒட்சிசனை முழு வேகத்தில் திறந்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றக் கடிதம் எழுதத் தொடங்கினார்.

அன்று இரவு ஆஸ்பத்திரி வாங்கில் இருந்துகொண்டு, மாணவர்களுக்குக் கொடுக்கிற கணக்கு மாதிரி இதை ஒரு கொப்பியில் போட்டுப் பார்த்தேன்.

எங்களுடையது 160 சிசி பெற்றோல் மிஷின். முழு வேகத்தில் ஓடினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 லீற்றர் புகை கக்கும். சின்ன இயந்திரங்கள் பெற்றோலை முழுதாய் எரிக்காது. அதனால் புகையில் சில சதவீதம் காபனோரொட்சைட்டு இருக்கும், நான் 5 என்று வைத்தேன். 20 நிமிடத்தில் 4,000 லீற்றர் புகை, அதற்குள் 200 லீற்றர் காபனோரொட்சைட்டு. சேற்றுக்கு மேலே கிணற்றில் இருந்த காற்றோ ஏறக்குறைய 64,000 லீற்றர். பாதி மேலே போய்விட்டது என்று தாராளமாய் வைத்தாலும் மிஞ்சியது 0.15 சதவீதத்துக்குக் குறையாது.

இதே கணக்கில் லாம்பையும் பார்த்தேன். 64,000 லீற்றருக்குள் 4,000 லீற்றர் புகை புகுந்தால் ஒட்சிசன் 21 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 19.7க்குத்தான் இறங்கும். லாம்பு அணைய வேண்டுமென்றால் அது 16, 17 அளவுக்கு விழ வேண்டும். ஆகவே லாம்பு பொய் சொல்லவில்லை. ஒட்சிசன் இருக்கிறதா என்று கேட்டோம், இருக்கிறது என்றது. பாழ்கிணற்றின் அடியில் காபனீரொட்சைட்டு, அதாவது கார்பன் டை ஆக்சைடு, தேங்கி ஒட்சிசன் குறைந்திருந்தால் அதைக் காட்டிக்கொடுக்கும். எங்கள் பெரியவர்கள் கண்டுபிடித்த சோதனை அந்த வாயுவுக்கானது. அவர்கள் காலத்துக் கிணற்றில் துலாதான் இருந்தது, பெற்றோல் மிஷின் இல்லை.

சரி, 0.15 சதவீதம் என்ன செய்யும்? காற்றில் ஒட்சிசன் 21 சதவீதம். காபனோரொட்சைட்டு வெறும் 0.1 சதவீதம் இருந்தாலே ஒட்சிசன் அதைப்போல 210 மடங்கு. ஆனால் ஈமோகுளோபினில் இடம்பிடிக்கும் பலம் காபனோரொட்சைட்டுக்கு 200 முதல் 250 மடங்கு. எண்ணிக்கையில் ஒருவர், பலத்தில் மற்றவர், போட்டி சரிசமம். 0.1 சதவீதக் காற்றை நீண்ட நேரம் சுவாசித்தால் ஈமோகுளோபினில் பாதி போய்விடும். எங்கள் கிணற்றில் இருந்தது அதைவிட ஒன்றரை மடங்கு.

நீண்ட நேரம் என்றேன். அண்ணைக்கு 12 நிமிடமே போதுமாயிருந்ததற்குக் காரணம் மண்வெட்டி. வளர்ந்த ஒருவரின் குருதி முழுவதிலும் சேரக்கூடிய காபனோரொட்சைட்டு ஏறக்குறைய 1 லீற்றர்தான். சும்மா இருக்கிறவருக்கு நிமிடத்துக்கு 5 லீற்றர் காற்று நுரையீரலின் அடிவரை போகும். சேறு அள்ளுகிறவருக்கு 25 லீற்றர் போகும். 25 லீற்றரில் 0.15 சதவீதம் என்றால் நிமிடத்துக்கு 37 மில்லிலீற்றர். 12 நிமிடத்தில் 450. அதாவது ஈமோகுளோபினில் 45 சதவீதம். அதே கிணற்றில் சும்மா குந்தியிருந்தவருக்கு இந்த அளவு ஏற ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். துல்லியமான கணக்கு இல்லை இது, ஆனாலும் நடந்ததோடு ஒத்துப்போகிறது.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரவேண்டும். பாதி ஈமோகுளோபின் போனால் என்ன? எங்கள் ஊர்க் கிளினிக்குக்கு ஈமோகுளோபின் 7 இருக்கிற தாய்மார் சைக்கிளில் வந்து போகிறார்கள். அதுவும் ஏறத்தாழப் பாதிதான். களைப்பார்கள், மூச்சு வாங்குவார்கள், ஆனால் சமைக்கிறார்கள், தண்ணீர் அள்ளுகிறார்கள். அண்ணையால் ஏணியின் முதல் படியைக்கூட ஏற முடியவில்லை. இருவருக்கும் பாதி, பிறகு ஏன் இந்த வித்தியாசம்? பாடப்புத்தகத்தின் ஒற்றை வரியில் இதற்கு விடை இல்லை, நானும் வகுப்பில் இதைச் சொன்னதில்லை.

ஈமோகுளோபின் ஒவ்வொன்றிலும் நாலு இருக்கை. நாலும் தனித்தனி இல்லை, ஒன்றில் நடப்பது மற்ற மூன்றுக்கும் தெரியும். நுரையீரலில் ஒட்சிசன் ஏற ஏற முழு மூலக்கூறும் இறுக்கிப் பிடிக்கும் நிலைக்கு மாறும். தசையில், மூளையில் ஒன்று இறங்கினால் மற்றவையும் இளகி இறங்கும். இந்த இளகல் இல்லாவிட்டால் ஒட்சிசன் ஏறும், ஆனால் இறங்காது. காபனோரொட்சைட்டு ஒன்றோ இரண்டோ இருக்கையில் போய்க் குந்தினால் அது எழும்புவதில்லை. அது எழும்பாதவரை மூலக்கூறு தன்னை நுரையீரலில் இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறது. பக்கத்து இருக்கையில் இருக்கும் நல்ல ஒட்சிசனையும் விட மறுக்கிறது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் இப்போது குளத்தை வைத்துச் சொல்கிறேன். இரத்தச்சோகை என்பது குளத்தில் பாதித் தண்ணீர். துருசு நன்றாய்த் திறக்கும், வயலுக்கு ஏதோ போகும். காபனோரொட்சைட்டு என்பது பாதித் தண்ணீரோடு துருசும் இறுகிய குளம். கட்டில் நின்று பார்க்கிறவருக்குத் தண்ணீர் தெரிகிறது, கீழே வயல் வெடிக்கிறது.

இலக்கத்தில் சொன்னால், நல்ல குருதி 100 மில்லிலீற்றரில் 20 மில்லிலீற்றர் ஒட்சிசன் இருக்கும். உடல் சராசரியாக 5ஐ எடுத்துக்கொள்ளும். பாதியாகி 10 ஆனாலும் 5 கொடுக்க இடம் உண்டு. ஆனால் அந்த 5ஐக் கழற்றி எடுக்க, இழையத்தில் ஒட்சிசன் அழுத்தம் எவ்வளவுக்கு இறங்க வேண்டும் என்பதுதான் கேள்வி. சுகதேகிக்கு 40 மில்லிமீற்றர் இரசம். சோகை உள்ளவருக்கு 27 அளவு. காபனோரொட்சைட்டு பாதியைப் பிடித்தவருக்கு அதிலும் பாதியளவுக்கு விழ வேண்டும். மூளையும் இதயமும் அந்த வறுமையில் வேலை செய்யாது. அதிலும் இதயம் ஏற்கெனவே தன்னிடம் வரும் ஒட்சிசனில் முக்கால் பங்கை எடுத்துக்கொள்கிற உறுப்பு, கூடுதலாய் எடுக்க அதற்கு மிச்சம் இல்லை.

1895இல் ஜோன் ஸ்கொட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி இந்த வாயுவைத் தானே சுவாசித்துத் தன் குருதியைச் சோதித்து எழுதிவைத்தார். அளவு கூடக் கூடக் கால்கள் சொல் கேட்காமல் போனதையும் அவர் குறித்தார். அண்ணையின் மடிந்த கால் எனக்கு நினைவுக்கு வந்தது.

விரல் மிஷின் ஏன் 98 என்றது? அது சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் விட்டு நிறத்தைப் பார்க்கிறது. காபனோரொட்சைட்டு பிடித்த ஈமோகுளோபினும் ஒட்சிசன் பிடித்ததைப் போலவே சிவப்பு. சாதாரண மிஷினுக்கு இரண்டும் ஒன்றுதான். இருக்கை நிரம்பியிருக்கிறது என்று அது சொல்லும், யார் இருக்கிறார் என்று சொல்லாது. உதடு நீலமாகாததும் இதனால்தான். ‘செர்ரிப் பழச் சிவப்பு’ என்று புத்தகத்தில் வருவது உயிரோடு இருப்பவரிடம் அரிதாகத்தான் தெரியும், அதைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாயிருப்பது வேறொன்று. அண்ணைக்கு மூச்சு முட்டவே இல்லை. கழுத்துத் தமனியில் இருக்கும் உணரி, குருதித் திரவத்தில் கரைந்திருக்கும் ஒட்சிசனின் அழுத்தத்தைப் பார்க்கிறது. அது வழமைபோல இருந்ததால் மணி அடிக்கவில்லை. தலையிடி, குழப்பம், கால் சோர்வு, இவ்வளவுதான் வந்த எச்சரிக்கை. குழம்பிய மூளைக்குத் தான் குழம்பியிருப்பது தெரியாது. “ஒரு வாளிதான்” என்று சொன்னது அவர் இல்லை, ஒட்சிசன் கிடைக்காத மூளை. மேலே நிற்கிறவர்தான் அவருக்காக முடிவெடுக்க வேண்டும். தலையிடி என்ற சொல் கேட்டதும் கயிற்றை இழுக்க வேண்டும், விளக்கம் கேட்கக் கூடாது.

பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு இரவு முழுதும் முகமூடி கழற்றவில்லை. காபனோரொட்சைட்டு ஒருபோதும் எழும்பாது என்றில்லை, மெல்ல எழும்பும். வெளிக்காற்றில் விட்டால் பாதி குறைய 4, 5 மணித்தியாலம். முழு ஒட்சிசன் கொடுத்தால் ஏறக்குறைய 80 நிமிடம். இரண்டாவது கணக்குப்படி 45 என்பது மூன்று மணித்தியாலத்துக்குள் 12க்கு வந்துவிடும். முதல் கணக்குப்படி 12க்கு வர எட்டு, ஒன்பது மணித்தியாலம் ஆகியிருக்கும். 98 என்ற இலக்கத்தை நம்பி முகமூடி போடாமல் விட்டிருந்தால் அவர் அந்த நீண்ட வழியால்தான் வந்திருப்பார். ஆகவே இப்படி யாரையாவது கொண்டுபோகிறவர்கள் வாசலிலேயே “மிஷின் புகைக்குள் இருந்தவர்” என்று சொல்லிவிடுங்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஜெனரேற்றர் ஓடிய அறை, தணல் சட்டி வைத்துப் பூட்டிய பிள்ளைப்பெற்ற அறை என்றாலும் இதே சொல்தான்.

மூன்றாம் நாள் நடந்து வீட்டுக்கு வந்தார். மூன்றாம் கிழமை அவருடைய மனைவி என்னிடம் வந்து, “ரீச்சர், இந்தாள் வீட்டுப் படலையைத் திறக்க மறந்துபோய் நிக்குது” என்று அழுதார். சில நாள் தெளிவாய் இருந்துவிட்டுப் பிறகு மறதியும் மந்தமும் வருவது இந்த நஞ்சுக்கு உள்ள குணம். கிளினிக்கில் காட்டினோம். தை பிறந்த பிறகுதான் பழைய அண்ணையாய் ஆனார்.

இப்போது அவர் மிஷினைக் கிணற்றுக்குள் இறக்குவதில்லை. 25 அடிக்குக் கீழே என்றால் நீர்மூழ்கி மோட்டர், மின்சாரம் மேலே இருந்து. மிஷினை நிற்பாட்டிவிட்டால் போதும் என்றும் நினைப்பதில்லை. இந்த வாயுவின் பாரம் காற்றின் பாரம்தான். அடியில் தேங்கவும் மாட்டாது, தானாய் மேலே போகவும் மாட்டாது, காற்றோட்டம் இல்லாத கிணற்றில் மணிக்கணக்காய்க் கலந்து நிற்கும். வேப்பங்கொப்பை இறக்கி ஏற்றிக் கலக்குவார்கள், கொஞ்சம் உதவும், எவ்வளவு உதவியது என்று கண்ணுக்குத் தெரியாது. தம்பி கொழும்பிலிருந்து பற்றியில் வேலை செய்யும் சின்ன மீற்றர் ஒன்று வாங்கிக் கொடுத்தான். லாம்பை அவர் விடவில்லை, விடத் தேவையுமில்லை. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி இறக்குகிறார்.

போன ஆவணியில் பக்கத்து வளவுக் கிணறு. உள்ளே மிஷின் இல்லை, மோட்டருக்கான பெற்றோல் ஜெனரேற்றர் கட்டோடு ஒட்டி வெளியே நின்றது. லாம்பு அதே மாதிரி அசையாமல் எரிந்தது. மீற்றர் கீச்சென்று கத்தியது. இழுத்துப் பார்த்தால் பத்து இலட்சத்தில் 140 பங்கு. புகைக்குழாய் கிணற்றுப் பக்கம் திரும்பியிருந்தது. அண்ணை ஒன்றும் பேசவில்லை. ஜெனரேற்றரைக் கிணற்றுக்குக் காற்று வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாய் 40 அடி தள்ளி இழுத்து வைத்தார்கள். மீற்றரைத் திரும்பவும் இறக்கிவிட்டு, அது பூச்சியம் காட்டும்வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேப்பமர நிழலில் இருந்து வெற்றிலை போட்டார்.